ஒரே ‘வென்’, மூன்று வேலைகள்

“ஐ நோ வென் த டிரெயின் லீவ்ஸ்.”
“டெல் மீ த டைம் வென் த டிரெயின் லீவ்ஸ்.”
“ஷி க்ரைஸ் வென் த டிரெயின் லீவ்ஸ்.”

மூன்று வாக்கியங்களிலும் கடைசி நான்கு சொற்கள் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் முதல் வாக்கியத்தில் அந்த நான்கும் சேர்ந்து நவுன் கிளாஸ், இரண்டாவதில் அட்ஜெக்டிவ் கிளாஸ், மூன்றாவதில் அட்வெர்ப் கிளாஸ். ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்களைக் குழப்பும் இடம் இதுதான். ‘வென்’, ‘வேர்’ என்று தொடங்கினால் அட்வெர்ப். ‘ஹூ’, ‘விச்’ என்று தொடங்கினால் அட்ஜெக்டிவ். ‘தட்’, ‘வாட்’ என்று தொடங்கினால் நவுன் என்றொரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். மேலே உள்ள மூன்று வாக்கியங்களுக்கும் அந்தப் பட்டியல் ஒரே விடையைத்தான் தரும். அதில் இரண்டு தவறு.

கிளாஸ் என்பதைப் பள்ளித் தமிழ் இலக்கணம் துணை வாக்கியம் என்கிறது. ஒரு முதன்மை வாக்கியத்தோடு துணை வாக்கியம் கலந்து வந்தால் அது கலவை வாக்கியம். துணை வாக்கியத்தின் இனத்தைத் தீர்மானிப்பது அது தொடங்கும் சொல் அல்ல, முதன்மை வாக்கியத்துக்குள் அது செய்யும் வேலை. பெயர்ச்சொல் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் நவுன். பக்கத்தில் இருக்கும் ஒரு பெயரை ‘எந்த’ என்று விளக்கினால் அட்ஜெக்டிவ். வினை எப்போது, எங்கே, ஏன், எந்த நிபந்தனையில் நடக்கிறது என்று சொன்னால் அட்வெர்ப்.

அந்த வேலையைக் கண்டுபிடிக்கத் தமிழரிடம் ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது. அந்த மூன்று வாக்கியங்களையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ரயில் எப்போது புறப்படும் என்பது எனக்குத் தெரியும்.’ ‘ரயில் புறப்படும் நேரத்தைச் சொல்.’ ‘ரயில் புறப்படும்போது அவள் அழுகிறாள்.’ ஆங்கிலம் ஒரே உருவத்தில் ஒளித்துவைத்த வேறுபாட்டைத் தமிழ் வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது. ‘என்பது’, ‘என்று’ வந்தால் பெரும்பாலும் நவுன். ‘புறப்படும் நேரம்’, ‘வாங்கிய புத்தகம்’ என்று பெயரெச்சமாகி ஒரு பெயரைத் தழுவினால் அட்ஜெக்டிவ். ‘புறப்படும்போது’, ‘வந்ததும்’, ‘வந்தால்’, ‘வந்தாலும்’ என்று வினையை நோக்கிப் போனால் அட்வெர்ப். ‘புறப்படும்போது’ என்பதைப் பிரித்தால் உள்ளே ஒரு பெயரெச்சம் இருப்பது உண்மைதான். ஆனால் இன்று அதை ஒரே சொல்லாகத்தான் கேட்கிறோம். அது அழுகை எப்போது என்பதைத்தான் சொல்கிறது.

தமிழில் கிடைத்த விடையை ஆங்கிலத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். முதல் வாக்கியத்தில் துணை வாக்கியத்தை எடுத்துவிட்டு ‘இட்’ என்ற ஒற்றைச் சொல்லை வையுங்கள்: “ஐ நோ இட்.” வாக்கியம் நிற்கிறது, ஆகவே நவுன். மூன்றாவதில் அப்படி வைத்தால் “ஷி க்ரைஸ் இட்” என்று உடைகிறது. அங்கே ‘தென்’ பொருந்தும்: “ஷி க்ரைஸ் தென்.” துணை வாக்கியத்தைத் தூக்கி முன்னால் வைத்தாலும் பொருள் கெடாது: “வென் த டிரெயின் லீவ்ஸ், ஷி க்ரைஸ்.” இப்படி இடம் மாறும் சுதந்திரம் பெரும்பாலான அட்வெர்ப் கிளாஸ்களுக்கு உண்டு. அட்ஜெக்டிவ் கிளாஸுக்கு அது கிடையாது. இரண்டாவது வாக்கியத்தில் ‘டைம்’ என்ற பெயரை விட்டு அதை நகர்த்த முடியாது. அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சற்று நீளமான ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். “வென் த ரெயின் ஸ்டாப்ட், த மேன் ஹூ செல்ஸ் டீ டோல்டு அஸ் தட் த ரோடு வாஸ் க்ளோஸ்டு.” மழை விட்டதும், டீ விற்கிறவர், சாலை மூடப்பட்டிருக்கிறது என்று எங்களிடம் சொன்னார்.

முதல் வேலை வினைகளை எண்ணுவது. எண்ண வேண்டியவை காலம் காட்டும் முழு வினைகள் மட்டுமே. ‘டு கோ’, ‘கோயிங்’ போன்றவை தனித்து வந்தால் கணக்கில் சேராது. தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு தடை உண்டு. நம் மொழியில் வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் பெரும்பாலும் கடைசியில் ஒரு முற்றுவினை வரும். நடுவில் உள்ளவை எச்சங்களாகக் குறுகிவிடும். ஆங்கிலத்திலோ இத்தகைய துணை வாக்கியம் ஒவ்வொன்றும் தன் எழுவாயையும் முழு வினையையும் தானே வைத்திருக்கும். ஒரே முற்றைத் தேடிப் பழகிய கண் அதனால்தான் தடுமாறுகிறது.

நம் வாக்கியத்தில் ‘ஸ்டாப்ட்’, ‘செல்ஸ்’, ‘டோல்டு’, ‘வாஸ் க்ளோஸ்டு’ என்று நான்கு முழு வினைகள் இருக்கின்றன. எனவே அதற்குள் நான்கு வாக்கியங்கள். இனி இணைப்புச் சொற்கள்: ‘வென்’, ‘ஹூ’, ‘தட்’ என்று மூன்று. எந்த இணைப்புச் சொல்லுக்கும் சேராமல் மிஞ்சும் வினை ‘டோல்டு’. முதன்மை வாக்கியம் அதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. சொன்னது யார் என்று கேட்டால் ‘த மேன்’. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ‘ஹூ செல்ஸ் டீ’ நுழைந்து, அந்த மனிதர் எந்த மனிதர் என்று சொல்கிறது. அது அட்ஜெக்டிவ் கிளாஸ். ‘வென் த ரெயின் ஸ்டாப்ட்’ எப்போது சொன்னார் என்பதற்கு விடை, அட்வெர்ப் கிளாஸ். என்ன சொன்னார்? ‘தட் த ரோடு வாஸ் க்ளோஸ்டு.’ அது நவுன் கிளாஸ். முதல் இரண்டையும் எடுத்துவிட்டாலும் முதன்மை வாக்கியம் நிற்கும். மூன்றாவதை எடுத்தால் ‘அவர் எங்களிடம் சொன்னார்’ என்று பாதியில் தொங்கும்.

இந்த எண்ணிக்கையில் ஒரு பயன் இருக்கிறது. வினைகளைவிட இணைப்புச் சொற்கள் ஒன்று குறைவாக இருப்பது வழக்கம். ‘அண்ட்’, ‘பட்’ போன்று சம வாக்கியங்களை இணைப்பவற்றையும் இதில் சேர்த்து எண்ண வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் ஒன்று மறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். “த புக் ஐ பாட் இஸ் லாஸ்ட்.” நான் வாங்கிய புத்தகம் தொலைந்துவிட்டது. முழு வினைகள் இரண்டு, இணைப்புச் சொல் எதுவும் இல்லை. ‘புக்’, ‘ஐ’ என்று இரண்டு சொற்கள் இடையில் எதுவுமின்றி முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு ‘தட்’ மறைந்திருக்கிறது. ‘ஐ பாட்’ என்ற அந்தக் குட்டிச் சொற்கள் முழுமையான அட்ஜெக்டிவ் கிளாஸ்.

‘தட்’ வெளிப்படையாக வரும்போது வேறொரு பொறி காத்திருக்கிறது. “த நியூஸ் தட் ஹி ஹேட் ப்ராட் ஷாக்ட் அஸ்.” “த நியூஸ் தட் ஹி ஹேட் அரைவ்ட் ஷாக்ட் அஸ்.” இரண்டிலும் ‘நியூஸ்’ என்ற பெயருக்குப் பின்னால் ‘தட்’ வருகிறது. இரண்டையும் அட்ஜெக்டிவ் என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் நன்றாகப் படிக்கிறவர்களிலும் உண்டு. முதல் வாக்கியத்தில் ‘அவர் கொண்டுவந்த செய்தி’. எதைக் கொண்டுவந்தார் என்ற இடம் துணை வாக்கியத்துக்குள் காலியாக இருக்கிறது, அதை நிரப்புவது செய்திதான். இரண்டாவதில் ‘அவர் வந்துசேர்ந்துவிட்டார் என்ற செய்தி’. துணை வாக்கியத்துக்குள் எந்த இடமும் காலியாக இல்லை, அதுவே முழுச் செய்தி. பெயருக்குப் பக்கத்தில் நின்று அதன் உள்ளடக்கத்தைச் சொல்வதால் அது நவுன் கிளாஸ். சோதிக்க ஒரே வழி போதும்: ‘தட்’ இருக்கும் இடத்தில் ‘விச்’ வைத்துப் பாருங்கள். முதலாவது தாங்கும், இரண்டாவது தாங்காது. தமிழில் இரண்டாவதற்கு மட்டும் ‘என்ற’ வருவதைக் கவனித்தால், பெயரெச்சம்போல் தெரிந்தாலும் அது வேறு வகை என்பது புரிந்துவிடும். ‘எடுத்தால் தொங்கும்’ என்ற சோதனை இந்த வகை நவுன் கிளாஸுக்கு உதவாது. எடுத்த பிறகும் வாக்கியம் நின்றுவிடும்.

இந்த மூன்று வகைப் பாகுபாட்டை ஆங்கில இலக்கண அறிஞர்கள் எல்லோரும் இன்று ஏற்பதில்லை. 2002-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் வேறு விதமாகப் பிரித்திருக்கிறார்கள். அட்வெர்ப் கிளாஸ் என்று நாம் படிப்பவற்றில் பலவற்றை அவர்கள் முன்னிடைச்சொல் தொடர்களாகக் கருதுகிறார்கள். நம் பள்ளிகள் ரென், மார்ட்டின் வழியிலேயே தொடர்கின்றன. பேச்சிலும் எழுத்திலும் தவறைத் தவிர்க்க விரும்புகிறவருக்குப் பழைய பாகுபாடு இன்னும் நன்றாக உதவுகிறது என்பதே என் கருத்து.

எப்படி உதவுகிறது என்பதற்கு ‘வில்’ போதும். “ஐ வில் கோ வென் ஹி வில் கம்” என்று நம்மில் பலர் சொல்கிறோம். அவர் வரும்போது போவேன் என்று சொல்ல வந்தால் இது தவறு. நேரத்தையோ நிபந்தனையையோ சொல்லும் அட்வெர்ப் கிளாஸில், எதிர்காலமானாலும் ஆங்கிலம் பொதுவாக நிகழ்கால வடிவத்தையே பயன்படுத்தும்: “ஐ வில் கோ வென் ஹி கம்ஸ்.” ஆனால் “ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்” என்பது சரி, ஏனென்றால் அங்கே அது நவுன் கிளாஸ். ‘இஃப்’ வரும்போதும் இதே கதை. “ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்” என்பதில் ‘இஃப்’பை எடுத்து ‘வெதர்’ வைக்கலாம். ஆகவே நவுன், ‘வில்’ வரலாம். “ஐ வில் வெயிட் இஃப் ஹி கம்ஸ்” என்பதில் அப்படி வைத்தால் பொருள் போய்விடும். ஆகவே அட்வெர்ப், ‘வில்’ வேண்டாம்.

நவுன் கிளாஸுக்குச் சொல் வரிசையிலும் ஒரு விதி உண்டு. “வேர் இஸ் ஹி?” என்ற கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் நவுன் கிளாஸாக நுழையும்போது எழுவாய் முன்னால் வந்துவிடும்: “டெல் மீ வேர் ஹி இஸ்.” தமிழில் ‘அவர் எங்கே இருக்கிறார்’ என்பது கேள்வியாக நின்றாலும் ‘என்று சொல்’ சேர்ந்தாலும் வரிசை மாறுவதில்லை. அதனால்தான் “டெல் மீ வேர் இஸ் ஹி” என்ற பிழை நமக்கு இவ்வளவு எளிதாக வருகிறது.

கடைசியாக, எந்தச் சோதனையும் ஒரே விடை தராத ஒரு வாக்கியம்: “டெல் மீ வென் ஹி கம்ஸ்.” இதைத் தமிழில் இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘அவர் எப்போது வருகிறார் என்று சொல்’ என்றால் நவுன். ‘அவர் வந்ததும் என்னிடம் சொல்’ என்றால் அட்வெர்ப். தேர்வில் இதைத் தனியாகக் கொடுத்து இனம் கேட்டால் இரண்டுமே சரியான விடைகள்; முன்பின் பேச்சு தெரிந்தால்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். சொல்கிறவர் ‘கம்ஸ்’ என்பதை ‘வில் கம்’ என்று மாற்றிவிட்டால் முதல் பொருள் மட்டும் மிஞ்சும்.