ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு துண்டு: முதலாண்டுக் குழந்தையின் விளையாட்டு

குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர், ‘எந்தப் பொம்மை வாங்கலாம்?’ என்று கேட்பதுண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கடையில் எதையும் வாங்கவேண்டிய தேவையில்லை. சமையலறையில் இருக்கும் ஓர் எவர்சில்வர் டம்ளர், ஒரு மரக்கரண்டி, மெல்லிய பருத்தித் துண்டு ஒன்று ஆகிய மூன்றும் போதும். குழந்தை வளர வளர இதே பொருள்கள் வெவ்வேறு விளையாட்டுகளாக மாறுகின்றன. அவ்விளையாட்டுகளின்போது குழந்தையின் பார்வை, செவி, கை ஆகியவை எப்படி வளர்கின்றன என்பதையும் வீட்டிலிருப்போர் காணமுடியும்.

முதல் மூன்று மாதங்கள்: முகமும் ஒளியும்

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தொலைவில் உள்ளவையே ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது தாயின் முகம் ஏறத்தாழ அந்தத் தொலைவில்தான் இருக்கிறது. எனவே முதல் விளையாட்டுப் பொருள் உங்கள் முகமே. குழந்தையை மடியில் வைத்து, முகத்துக்கு நேரே மெதுவாகப் பேசுங்கள். பிறகு பேச்சை நிறுத்திச் சில நொடிகள் காத்திருங்கள். குழந்தை வாயசைக்கும், கால் உதைக்கும், ‘ஆ’ என்று ஒலி எழுப்பும். அதுவே அதன் மறுமொழி. அதைக் கேட்ட பின்னரே நீங்கள் மீண்டும் பேசவேண்டும். இடைவிடாமல் பேசிக்கொண்டே இருந்தால் குழந்தையின் முறை வராமலே போய்விடும்.

இரண்டாம் மாதத்தில் டம்ளரைச் சேர்த்துக்கொள்ளலாம். சன்னல் வெளிச்சம் படும்படி அதை 30 செ.மீ. தொலைவில் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மிக மெதுவாக நகர்த்துங்கள். வெயில் நேராகக் கண்ணில் தெறிக்கக்கூடாது. தொடக்கத்தில் பார்வை பாதி வழியில் நின்றுவிடும். மூன்றாம் மாத முடிவில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தொடர்ந்து வரும்.

நான்கு முதல் ஏழு மாதங்கள்: கையும் செவியும்

இப்போது குழந்தை தானே கை நீட்டும். டம்ளரைக் கையில் திணிக்காமல், சற்று எட்டும்படி நீட்டிக் காத்திருங்கள். முதலில் இரு கைகளாலும் அணைத்துப் பிடிக்கும். பின்னர் வாய்க்குக் கொண்டுசெல்லும். வாயால் ஆராய்வது இந்த வயதின் இயல்பு. தடுக்கவேண்டாம், பொருளைக் கழுவிக் கொடுத்தால் போதும். ஆறாம் மாதம் அளவில் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொள்ளும்.

இந்த வயதுக்கு மற்றொரு விளையாட்டு, மறைந்திருந்து ஒலி எழுப்புதல். இதற்கு மூவர் வேண்டும். குழந்தை தாயின் மடியில் முன்னோக்கி உட்கார்ந்திருக்கட்டும். ஒருவர் எதிரே அமர்ந்து அதன் கவனத்தைத் தம்பக்கம் ஈர்க்கவேண்டும். மற்றொருவர் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், காதுக்கு நேராக, ஒரு முழத் தொலைவில் நின்று, சிறு கரண்டியால் டம்ளரின் விளிம்பை மெல்ல உரசவேண்டும். நிழலோ வளையல் ஓசையோ காட்டிக்கொடுக்கக் கூடாது. ஒலி வந்த பக்கம் குழந்தை திரும்பியதும் சிரித்து முகம் காட்டுங்கள், அதுதான் பரிசு. சற்று இடைவெளி விட்டு மறுபக்கமும் செய்யுங்கள்.

ஏழு மாத ஆண் குழந்தை ஒன்றின் வீட்டில் இவ்விளையாட்டு வேறொன்றையும் உணர்த்தியது. அக்குழந்தை நன்றாகச் சிரிக்கும், குரல் எழுப்பும், எதிரே நின்று கூப்பிட்டால் பார்க்கும். பின்னாலிருந்து டம்ளரை உரசியபோது மட்டும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மூன்று நாள் வெவ்வேறு வேளைகளில் செய்துபார்த்த பாட்டி, ‘தட்டு தரையில் விழுந்தால் திரும்புகிறான், டம்ளருக்குத் திரும்பவில்லை’ என்று மருத்துவரிடம் கூறினார். தட்டு விழும்போது தரையின் அதிர்வை உடல் உணர்ந்துவிடும். அதைக் கொண்டு காது கேட்கிறது என முடிவுசெய்ய இயலாது. ‘பெரா’ எனப்படும் செவிநரம்புச் சோதனையில் இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தது. காதுகேட்புக் கருவி பொருத்தியபின் அதே டம்ளர் விளையாட்டு தொடர்ந்தது. சில வாரங்களில் குழந்தை ஒலிக்குத் திரும்பத் தொடங்கியது.

காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் எழுப்பும். ஆகவே குரலை வைத்துச் செவியை மதிப்பிட இயலாது. அதேபோல் இந்த விளையாட்டும் ஒரு மருத்துவச் சோதனையன்று. குழந்தை திரும்பிவிட்டதால் குறையே இல்லையென்றும் பொருளாகாது. ஐயம் எழுந்தால் சோதனைக்கு அழைத்து வருவதே முறை.

எட்டு முதல் பன்னிரண்டு மாதங்கள்: மறைவதும் விழுவதும்

கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருந்துகொண்டே இருக்கிறது என்ற அறிவு ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் உருவாகத் தொடங்குகிறது. குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே டம்ளரின் பாதியைத் துண்டால் மூடுங்கள். அதை எளிதில் எடுத்துவிட்டால் முழுவதும் மூடுங்கள். துண்டை இழுத்து டம்ளரைக் கண்டெடுக்கும்போது அதன் மகிழ்ச்சியைக் காணலாம். துண்டுக்குப் பின்னால் உங்கள் முகத்தை மறைத்தும் விளையாடலாம். குழந்தையின் முகத்தை மூடவேண்டாம். மறைந்த அம்மா திரும்பி வருவாள் என்பதை இந்த விளையாட்டில் குழந்தை பலமுறை காண்கிறது.

ஒரு வயதை நெருங்கும்போது, எடுத்துக்கொடுத்த கரண்டியை மீண்டும் மீண்டும் கீழே போடும். இது குறும்பன்று. பிடித்ததை வேண்டும்போது விடுவதற்குக் கை இப்போதுதான் பழகுகிறது. அகலமான பாத்திரம் ஒன்றை எதிரே வைத்து, அதற்குள் போடச் சொல்லிக் கொடுங்கள். விழும் ஓசையைக் கேட்டு உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அப்போது நீங்களும் அதைப் பார்த்துச் சிரிக்கவேண்டும்.

எப்போது, எவ்வளவு நேரம்

பால் குடித்துச் சிறிது நேரம் கழித்து, அழாமல் விழிப்பாக இருக்கும் வேளையே ஏற்றது. சிறு குழந்தைக்கு ஐந்து நிமிடம் போதும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், கொட்டாவி விடுதல், உடலை வில்லாக வளைத்தல் ஆகியவை ‘போதும்’ என்று அது சொல்லும் முறைகள். அப்போது நிறுத்திவிடுங்கள். கைப்பேசித் திரை இந்த வயதில் வேண்டாம். குழந்தையின் ஒலிக்கு அது காத்திருந்து மறுமொழி தருவதில்லை.

டம்ளரின் விளிம்பு மழுங்கியதாக இருக்கவேண்டும். 4 செ.மீ.க்குக் குறைந்த எப்பொருளும் தொண்டையில் அடைக்கக்கூடும். பயறு போட்ட புட்டியைக் கிலுகிலுப்பையாகக் கொடுக்கவேண்டாம். மூடி கழன்றால் பயறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகும். உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். துண்டை விளையாடி முடித்ததும் எடுத்துவிடுங்கள். தூங்கும் இடத்தில் விடாதீர்கள்.

மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காமை, ஆறு மாதம் முடிந்தும் பொருளுக்குக் கை நீட்டாமை, ஏழு மாதத்தில் ஒலிக்குத் திரும்பாமை, ஓராண்டுக்குள் எப்போதும் ஒரு கையை மட்டுமே பயன்படுத்துதல், முன்பு செய்ததைச் செய்யாமல் நிறுத்திவிடுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திராமல் வாருங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிடவேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்து இப்போது எட்டு மாதமாகும் குழந்தையிடம் ஆறு மாதக் குழந்தையின் விளையாட்டையே எதிர்பார்க்கவேண்டும். வரும்போது அந்த டம்ளரையும் கரண்டியையும் கையோடு கொண்டுவாருங்கள். வீட்டில் செய்ததை இங்கும் செய்துகாட்டினால் குழந்தையை மதிப்பிடுவது எங்களுக்கு எளிதாகும்.