கடைசியாக எப்போது நடந்தது?

புதிய செயலி ஒன்றைச் செய்வதற்கு முன், அதைப் பயன்படுத்தக்கூடிய ஐந்தாறு பேரிடம் தனித்தனியாக அரை மணி நேரமாவது பேசிப் பார்ப்பது தொழில் தொடங்குவோர் பலரின் வழக்கம். தீர்க்க நினைக்கும் சிக்கல் அவர்களுக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று அறியத்தான் இந்தப் பேச்சு. ஆனால், "இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "வாங்குவேனே" என்றுதான் சொல்வார்கள். ஆர்வத்தோடு வந்து நிற்பவரின் மனத்தை நோகடிக்க யாருக்கும் விருப்பமில்லை. ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் 2013இல் வெளியிட்ட 'தி மாம் டெஸ்ட்' நூல் இந்தச் சிக்கலைத்தான் பேசுகிறது. பெற்ற தாய்கூடப் பிள்ளையின் யோசனையைப் பாராட்டவே செய்வார். அதனால் யோசனையைப் பற்றிக் கேட்காமல், எதிரில் இருப்பவரின் வாழ்க்கையில் ஏற்கெனவே நடந்ததைக் கேட்க வேண்டும் என்கிறது அது.

மளிகைக் கடைக் கடன் கணக்குக்கு ஒருவர் செயலி செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் அவர் செயலியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. "கடைசியா யார் பாக்கி வச்சாங்க அண்ணாச்சி? அப்ப என்ன செஞ்சீங்க?" என்று தொடங்கலாம். கடன் நோட்டைக் காட்டச் சொல்லலாம். பக்கத்துக்கு ஒரு பெயர், தேதி, தொகை, கட்டியதும் குறுக்கே ஒரு கோடு என்று நோட்டு ஒழுங்காகவே இருக்கக்கூடும். "கணக்கு தப்பாது தம்பி, தெருவுல தினம் பாக்கிற முகம், எப்படிக் காசு கேக்கிறது?" என்று அவர் சொன்னால், அங்கே சிக்கல் கணக்கு எழுதுவதில் இல்லை, கேட்கும் சங்கடத்தில் இருக்கிறது. நாலு கடைகளில் இதே பதில் வந்தால், எழுத நினைத்த செயலியை அப்படியே எழுதுவது வீண்.

சிக்கல் உண்மையானது என்பதற்கு நம்பத்தக்க அடையாளம், அதற்காக அவர் இதுவரை செலவிட்ட பணமும் நேரமும்தான். பாக்கி வசூலிக்கவே மாதம் ஒருமுறை பையனை அனுப்புகிறார் என்றால் வலி இருக்கிறது. "கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு எதையுமே முயன்று பார்க்காதவருக்கு அது பெரிய வலி இல்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறு நேரும். நண்பர்களிடமும் உறவினர்களிடமும் மட்டும் பேசினால் பாராட்டுத்தான் மிஞ்சும். முன்பின் தெரியாத, அந்த வேலையை அன்றாடம் செய்கிறவர்களே தேவை. புதிதாக எதுவும் காதில் விழாத வரை பேச்சைத் தொடர வேண்டும். கானாவிலும் நைஜீரியாவிலும் எடுத்த 60 பேட்டிகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஒரு கட்டுரை, முதல் 12 பேட்டிகளுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டதாகக் கண்டது. அது ஒரே மாதிரியான ஆட்களிடம் எடுத்த பேட்டி. மொத்த வியாபாரியையும் தெருமுனைக் கடைக்காரரையும் கலந்து பேசினால் இந்தக் கணக்கு பொருந்தாது.

இத்தனை குறைவான பேச்சுகளால் சிக்கல் இருக்கிறதா, எந்த வடிவில் இருக்கிறது என்பதைச் சொல்ல முடியும். எத்தனை ஆயிரம் பேருக்கு இருக்கிறது, எவ்வளவு விலை கொடுப்பார்கள் என்பதற்குத் தனியாகக் கணக்கெடுப்பும் விற்பனைச் சோதனையும் வேண்டும்.