உறங்கும் குழந்தையின் செவித்திறனை அறிவது எவ்வாறு? பெரா பரிசோதனை குறித்து

கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்னும் ஐயம் எழுந்தவுடன் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது ஒன்றுதான். யாராவது ஒருவர் குழந்தையின் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டுவார். குழந்தை திடுக்கிட்டால் அனைவரும் நிம்மதி அடைவார்கள். இந்தச் சோதனையை நம்ப இயலாது. தட்டின் ஓசை மிகவும் உரத்தது. பேச்சொலியைக் கேட்க இயலாத குழந்தைக்கும் அது கேட்கக்கூடும். கையின் நிழலும், கட்டிலின் அதிர்வும், காற்றின் அசைவும்கூடக் குழந்தையைத் திடுக்கிட வைக்கும். ஒரு காது மட்டும் பழுதுபட்டிருந்தால் மற்றொரு காது அதை மறைத்துவிடும்.

ஓசை வரும் திசையை நோக்கித் தலையைத் திருப்பும் ஆற்றல் ஏறக்குறைய ஆறு மாதத்தில்தான் நம்பத்தக்க அளவில் அமைகிறது. அதன் பிறகே, ஒலிக்குத் திரும்பினால் ஒரு பொம்மை ஒளிர்வது போன்ற ஏற்பாட்டுடன், குழந்தையின் நடத்தையைக் கொண்டு செவித்திறனை அளக்க முடியும். அதற்கு முந்தைய மாதங்களிலும், வளர்ச்சிக் குறைபாட்டினால் அவ்வாறு திரும்ப இயலாத பெரிய குழந்தைகளிடமும், பதிலைக் குழந்தையிடம் கேட்காமல் அதன் நரம்பிடமே கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கான பரிசோதனையே மருத்துவமனைகளில் 'பெரா' என்று சொல்லப்படுவது. செவிவழி மூளைத்தண்டு மறுவினைப் பரிசோதனை என்று இதனைத் தமிழில் கூறலாம்.

காதுக்குள் ஓர் ஒலி நுழைந்ததும் உள்காதின் நத்தைச் சுருளில் உள்ள மயிரிழைச் செல்கள் அதை மின்குறிப்பாக மாற்றுகின்றன. அக்குறிப்பு செவி நரம்பில் ஏறி, மூளைத்தண்டின் நிலையங்களை ஒவ்வொன்றாகக் கடந்து மேலே செல்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் ஆயிரக்கணக்கான நரம்பிழைகள் ஒரே கணத்தில் மின்துடிப்பை வெளியிடும்போது, தலையின் தோல்மீது ஒட்டிய மின்முனைகளில் மிக நுண்ணிய அலை ஒன்று பதிவாகிறது. முதல் பத்து மில்லிநொடிக்குள் இத்தகைய அலைகள் வரிசையாக எழுகின்றன. முதல் அலை செவி நரம்பிலிருந்தும், மூன்றாவது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்தும், ஐந்தாவது அதன் மேற்பகுதியிலிருந்தும் வருகின்றன. இந்த அலைகளை மனிதரிடம் தெளிவாக விவரித்தவர்கள் ஜூவட், வில்லிஸ்டன் ஆகிய இருவர், ஆண்டு 1971. ஒலி குறையக் குறைய மற்ற அலைகள் மறைந்தாலும் ஐந்தாம் அலை கடைசிவரை நிற்கும். ஆகையால் எங்கள் கண்கள் பெரும்பாலும் அதன்மீதே இருக்கும்.

அந்த அலையின் உயரம் ஒரு மைக்ரோவோல்ட்டிலும் குறைவு. அதே நேரத்தில் மூளையின் பொதுவான மின்னோட்டமும் தசைகளின் மின்னோட்டமும் அதைவிடப் பல மடங்கு பெரியவை. திருவிழாக் கூட்டத்தில் ஒருவரின் முணுமுணுப்பைக் கேட்பது போன்ற நிலை இது. ஆனால் அந்த முணுமுணுப்பு ஒவ்வொரு ஒலிக்கும் பிறகு, அதே நேர இடைவெளியில், தவறாமல் வருகிறது. கூட்டத்தின் இரைச்சலோ கண்டபடி மாறுகிறது. எனவே ஏறத்தாழ 2000 முறை ஒலியை எழுப்பி, கிடைத்த பதிவுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கணினி சராசரி காண்கிறது. இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது, அலை எஞ்சுகிறது. நொடிக்கு முப்பது ஒலி வீதம் என்றால் ஒரு பதிவுக்கு ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். அதே ஒலியில் இரண்டாம் முறையும் பதிவு செய்து, இரண்டிலும் அலை ஒரே இடத்தில் எழுந்தால் மட்டுமே அதனை அலையென ஏற்கிறோம்.

குழந்தை ஏன் உறங்க வேண்டும் என்பதற்கான விடையும் இதில் இருக்கிறது. விழித்திருக்கும் குழந்தையின் கழுத்துத் தசையும் தாடைத் தசையும் எழுப்பும் மின்னிரைச்சல், எத்தனை ஆயிரம் முறை சராசரி கண்டாலும் அலையை மூடிவிடும். ஆதலால் வரும் வழியில் குழந்தையை உறங்கவிடாமல், இங்கு வந்து பாலூட்டி உறங்க வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இயற்கையான உறக்கமே போதும். பெரிய குழந்தைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் உறக்க மருந்து தரப்படலாம். அந்த உறக்கம் இந்த அலைகளைக் கெடுப்பதில்லை. மற்றொன்று: தலைக்கு எண்ணெய் தடவி அழைத்து வராதீர்கள். நெற்றியிலும் காதின் பின்புறத்திலும் ஒட்டும் மின்முனைகள் தோலை நன்கு பற்றாவிட்டால் பதிவு முழுவதும் இரைச்சலாகிவிடும். பாட்டிமார்களுக்கு இந்த வேண்டுகோள் பிடிப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதனை உரத்த ஒலியில் தொடங்கி, படிப்படியாகக் கீழிறங்கும். ஒலி மெலியும்போது ஐந்தாம் அலை சிறுத்து, தாமதமாகவும் எழும். இறுதியாக அது தெளிவாகத் தென்பட்ட ஒலியளவே நாங்கள் எழுதித் தரும் எண். கைக்குழந்தையிடம் அது 30 டெசிபெல் அல்லது அதற்குக் கீழே நின்றால் பொதுவாக இயல்பு எனக் கொள்கிறோம். முதலில் பயன்படுத்தும் 'டிக்' என்னும் சிறு ஒலி பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் சுருதிப் பகுதியையே சோதிக்கிறது. தாழ்ந்த சுருதியின் நிலையை அது சொல்லாது. எனவே குறை தெரிந்தால் 500 ஹெர்ட்ஸ் போன்ற தனித்தனிச் சுருதிகளிலும் அளக்க வேண்டும். நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் அலை பின்தங்கும். அப்போது காதின் பின்புற எலும்பின் மூலம் அதிர்வைச் செலுத்திப் பார்த்தால், உள்காது நன்றாக இருப்பது வெளிப்படும்.

இனி மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். பெரா பரிசோதனை 'கேட்டலை' அளப்பதில்லை. கேட்டல் என்பது மூளையின் மேற்புறணியில் நிகழ்வது. ஐந்தாம் அலையோ அதற்கு வெகு கீழேயே முடிந்துவிடுகிறது. செவி நரம்பின் இழைகள் ஒலிக்கு ஒன்றுசேர்ந்து, மில்லிநொடியின் சிறு பங்கும் பிசகாமல், ஒரே தாளத்தில் துடிக்கின்றனவா என்பதைத்தான் அது அளக்கிறது. அந்த ஒத்திசைவிலிருந்து செவித்திறனை நாங்கள் ஊகிக்கிறோம். பெரும்பாலான குழந்தைகளிடம் இந்த ஊகம் சரியாகவே அமையும். சில குழந்தைகளிடம் அமையாது.

ஒரு குழந்தையின் நிலையை எடுத்துக்கொள்வோம். முப்பத்திரண்டு வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. பிறந்த நான்காம் நாள் மஞ்சள் காமாலை கடுமையாகி, பிலிருபின் அளவு 27 மில்லிகிராமைத் தொட்டது. இரத்த மாற்றம் செய்யப்பட்டது. வீடு திரும்பும் முன் காதில் சிறு முனையை வைத்துச் செய்யும் ஓ.ஏ.ஈ. சோதனையில் இரு காதுகளும் தேறின. இருந்தும் நான்காம் மாதத்தில் தாய்க்கு மனம் ஒப்பவில்லை. குழந்தை சில நாள் குரலுக்குத் திரும்புகிறாள். சில நாள் அருகில் நின்று அழைத்தாலும் அசைவதில்லை.

பெரா செய்தபோது 90 டெசிபெல் ஒலியிலும் இரு காதுகளிலும் ஐந்தாம் அலை எழவில்லை. இந்த ஒரு வரியை மட்டும் படித்தால் கடும் செவிட்டுத்தன்மை என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் பதிவின் தொடக்கத்தில், முதல் சில மில்லிநொடிகளில், சிறு அலைகள் நெருக்கமாக ஓடின. அவை என்னவென்று அறிய ஒரு வழி உண்டு. ஒலியின் முதல் அழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளுமாறு ஒரு முறையும், வெளியே இழுக்குமாறு மறுமுறையும் பதிவு செய்ய வேண்டும். நரம்பின் அலையாயின் இரு பதிவுகளிலும் ஒரே திசையில் நிற்கும். மயிரிழைச் செல்களின் மின்னோட்டமாயின் கண்ணாடிப் பிம்பம்போலத் தலைகீழாகும். இக்குழந்தையிடம் தலைகீழாயிற்று. கருவியின் மின்கசிவும் இவ்வாறு தோன்றக்கூடும் என்பதால், ஒலி செல்லும் மென்குழாயை விரலால் நெரித்து மீண்டும் பதிவு செய்யப்பட்டது. ஒலி நின்றதும் சிறு அலைகளும் மறைந்தன. ஆகவே அவை காதிலிருந்தே வந்தவை. இரு திசை ஒலிகளையும் மாற்றி மாற்றிச் செலுத்திச் சராசரி காணும் முறையை மட்டும் கையாண்டிருந்தால், இச்சிறு அலைகள் ஒன்றையொன்று அழித்து, வெறும் நேர்கோடே எஞ்சியிருக்கும்.

இப்போது இரு சோதனைகளின் முரண்பாடு விளங்குகிறது. ஓ.ஏ.ஈ. அளப்பது மயிரிழைச் செல்களை மட்டுமே. அவை நலமாக இருந்ததால் குழந்தை அதில் தேறினாள். கடும் காமாலை தாக்கியது அதற்கு அப்பால் உள்ள நரம்பையும் மூளைத்தண்டின் நிலையங்களையும். நரம்பிழைகள் துடிக்கின்றன; ஆயினும் தாளம் தப்பித் துடிப்பதால் அலை உருவாகவில்லை. இதனைச் செவி நரம்பு ஒத்திசைவுக் கோளாறு என்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு ஓ.ஏ.ஈ. மட்டும் போதாது, பெரா முறையிலான சோதனையும் வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

இத்தகைய குழந்தையிடம் பெராவின் எண் செவித்திறனைக் காட்டாது. அலை அறவே இல்லாத குழந்தைக்கு மெல்லிய ஒலி கேட்கலாம், கேட்காமலும் போகலாம். பதிவைப் பார்த்து இதைப் பிரித்தறிய இயலாது. அதனால் அன்றே உரத்த செவிக்கருவியைப் பொருத்தவுமில்லை, 'எல்லாம் சரி' என்று அனுப்பவுமில்லை. செவி நரம்பே மெலிந்தோ இல்லாமலோ இருந்தாலும் இதே படம் வரக்கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது, நரம்பு இரு புறமும் இருந்தது. குறைமாதக் குழந்தைகளில் சிலருக்கு நரம்பு முதிரும்போது அலைகள் தோன்றுவதும் உண்டு. எனவே மூன்று மாதம் கழித்து பெரா மீண்டும் செய்யப்பட்டது, மாற்றமில்லை. குறைமாதத்தைக் கழித்துக் கணக்கிட்ட எட்டாம் மாதத்தில், ஒளிரும் பொம்மைச் சோதனையில் அவள் 50 டெசிபெல் ஒலிகளுக்குத் திரும்பினாள்.

அந்த எண்ணை வைத்தே செவிக்கருவி பொருத்தப்பட்டு, பேச்சுப் பயிற்சி தொடங்கியது. இந்தக் கோளாற்றில் ஒலி கேட்பது ஒன்று. சொல் தெளிவாகப் புரிவது வேறொன்று. கருவி ஒலியைப் பெருக்குமேயன்றித் தாளத்தைத் திருத்தாது. ஆகவே அடுத்த சில மாதங்களில் அவள் எந்தெந்தச் சொற்களுக்குத் திரும்புகிறாள், எந்த ஒலிகளைத் தானே எழுப்புகிறாள் என்பதைத் தாய் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறார். போதிய முன்னேற்றம் இல்லையெனில் நரம்பை நேரடியாக மின்னால் தூண்டும் காக்ளியர் கருவியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அப்பேச்சுக்கு அக்குறிப்பேடு பெராவின் அறிக்கைக்கு இணையான ஆவணம்.

உங்கள் குழந்தையின் அறிக்கையில் 'அலை இல்லை' என்று எழுதியிருந்தால், மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குழந்தை முழுப் பரிசோதனையிலும் ஆழ்ந்து உறங்கியதா? மயிரிழைச் செல்களின் அலை உண்டா என இரு திசை ஒலிகளிலும் பார்த்தீர்களா? அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில்?