பத்து நிமிடப் பாடத்துக்கு நான்கு மணி நேரம்

வீணை கற்றுத்தரும் ஒருவர் தன் பாடங்களைச் சொந்த இணையதளத்தில் போட்டு வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிட வீடியோ, 1280க்கு 720 அளவு, நொடிக்கு 25 ஃப்ரேம். செல்போனில் எடுத்த மூலக் கோப்பு ஒரு ஜிபி அளவுக்கு இருக்கும். அதை அப்படியே தளத்தில் ஏற்றினால் யாராலும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. வழக்கமான எச்.264 கோடெக்கில், நொடிக்கு 1200 கிலோபிட் என்ற கணக்கில் சுருக்கினால் 90 எம்பிக்கு வரும். ஏவி1 என்ற புதிய கோடெக்கில் ஏறக்குறைய அதே தெளிவை 720 கிலோபிட்டில் எட்ட முடிந்தால் 54 எம்பி போதும். ஒருவருக்கு 36 எம்பி மிச்சம். ஆயிரம் பேர் பார்த்தால் 36 ஜிபி. மாதக் கடைசியில் டேட்டா தீரும் நிலையில் இருக்கும் மாணவிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு விலை நேரம்தான். எச்.264இல் பத்து நிமிட வீடியோவைச் சாதாரண மடிக்கணினி சில நிமிடங்களில் சுருக்கித் தந்துவிடும். ஏவி1இல் பொறுமையான அமைப்புகளைப் போட்டால் அதே கணினி மணிக்கணக்கில் ஓடும். அந்தக் காத்திருப்பு எங்கிருந்து வருகிறது, எதுவரை காத்திருப்பது நியாயம் என்பது தெரிந்தால் இந்தப் பேரம் பயப்படத் தக்கது அல்ல.

முதலில், இப்படி ஒரு கோடெக் எதற்கு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். எச்.264 வந்தது 2003இல். அதனுள் இருக்கும் நுட்பங்களுக்குப் பல நிறுவனங்கள் காப்புரிமை வைத்திருந்தன. அவற்றை ஒன்றாகத் திரட்டி உரிமத்தொகை வசூலித்தது எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு. பார்ப்பவரிடம் காசு வாங்காத இணைய வீடியோவுக்குக் கட்டணம் கிடையாது என்று அது 2010இல் உறுதி சொன்னது. ஆகவே இலவசமாகப் பாடம் போடும் வீணை ஆசிரியர் எச்.264க்கும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. கட்ட வேண்டியவர்கள் மென்பொருளும் கருவிகளும் செய்பவர்கள். 2013இல் எச்.265 வந்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட வசூல் அமைப்புகள் கிளம்பின. யாருக்கு எவ்வளவு என்பதே குழப்பமாயிற்று. இலவசமாகக் கொடுக்கப்படும் பிரவுசர்களுக்கு அது தீராத தலைவலி.

2015இல் கூகுள், மொசில்லா, சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட், இன்டெல், அமேசான், நெட்ஃபிளிக்ஸ் ஆகியவை சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. கூகுள் தன் விபி9க்கு அடுத்ததாக உருவாக்கிக்கொண்டிருந்த வேலை, சிஸ்கோவின் தோர், மொசில்லாவும் ஸிஃப் அமைப்பும் செய்துவந்த டாலா ஆகிய மூன்றின் நுட்பங்களையும் கலந்து 2018 மார்ச்சில் ஏவி1ஐ வெளியிட்டன. உரிமத்தொகை இல்லை என்பது கூட்டணி உறுப்பினர்கள் தங்கள் காப்புரிமைகள் விஷயத்தில் கொடுத்த வாக்கு. வெளியே இருக்கும் சிஸ்வெல் என்ற நிறுவனம் 2019இல், ஏவி1ஐ இயக்கும் கருவிகளைச் செய்பவர்களிடம் தொகை கேட்கக் கிளம்பியது. வீடியோ போடுபவர்களிடம் அது கேட்கவில்லை. சிறிய தளம் நடத்துபவருக்கு இந்தச் சண்டையால் நேரடிப் பாதிப்பு இல்லை. அவருக்குக் கிடைக்கும் லாபம் வேறு: குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தயக்கமில்லாமல் இதை உள்ளே சேர்த்துக்கொண்டதால், அவருடைய வீடியோ ஏராளமான கணினிகளில் தானாக ஓடும்.

இனி நேரத்துக்கு வருவோம். வீடியோ கோடெக் ஒவ்வொரு ஃப்ரேமையும் கட்டங்களாகப் பிரிக்கிறது. எந்தக் கட்டம் முந்தைய படங்களில் எங்கோ ஏற்கெனவே இருக்கிறது, எதைப் பக்கத்துப் புள்ளிகளை வைத்தே ஊகிக்கலாம், ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதை மட்டும் எழுதி வைக்கிறது. எச்.264இல் மிகப்பெரிய கட்டம் 16க்கு 16 புள்ளி. ஏவி1இல் 128க்கு 128இல் தொடங்கி 4க்கு 4 வரை இறங்கலாம். ஒரு சதுரத்தை நான்காகவும் வெட்டலாம், இரண்டாகவும் வெட்டலாம், ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் இரண்டு சிறிதுமாகவும் வெட்டலாம்; மொத்தம் பத்து விதம். வெட்டிய ஒவ்வொரு துண்டையும் ஊகிக்கப் பல திசைகள், எடுத்துப் பார்க்க ஏழு பழைய ஃப்ரேம்கள் வரை, மிச்சத்தை எழுதப் பல வகைக் கணித உருமாற்றங்கள்.

ஆசிரியருக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர் அசைவதில்லை. அதை ஒரே பெரிய கட்டமாக எடுத்து 'முன்பு போலவே' என்று சில பிட்டுகளில் முடித்துவிடலாம். தந்தி மேல் ஓடும் விரல்களுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள் வேண்டும். எங்கே எது வேண்டும் என்று வீடியோவைச் சுருக்கும் மென்பொருளான என்கோடருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, இத்தனை பிட் செலவு, இவ்வளவு பிசகு என்று எடைபோட்டு, மலிவானதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட வேண்டும். நேரம் முழுவதும் தின்பது இந்தத் தேடல்தான். பார்ப்பவரின் செல்போன் எதையும் தேட வேண்டியதில்லை. எடுத்த முடிவுகள் கோப்பில் எழுதியிருக்கின்றன. படித்து வரைந்தால் போதும். அதனால் எட்டு மணி நேரம் ஓடிச் சுருங்கிய வீடியோவும் ஒரு மணி நேரத்தில் சுருங்கிய வீடியோவும் பார்ப்பவரின் கருவிக்கு ஏறக்குறைய ஒரே சுமைதான். ஒருவர் ஒருமுறை காத்திருக்கிறார், பார்க்கும் எல்லாருக்கும் டேட்டா மிச்சமாகிறது. என்னைப் பொறுத்தவரை இதைவிட நேர்மையான கொடுக்கல் வாங்கல் இணையத்தில் குறைவு.

சுருக்குவதற்கு `ffmpeg` என்ற இலவசக் கருவி போதும். கூட்டணியின் சொந்த என்கோடரை இப்படிக் கூப்பிடலாம்:

```
ffmpeg -i paadam.mp4 -vf scale=1280:720 \
  -c:v libaom-av1 -cpu-used 3 -crf 34 -b:v 0 \
  -row-mt 1 -tiles 2x1 \
  -c:a libopus -b:a 96k paadam.webm
```

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு எண்கள். `cpu-used` என்பது தேடலில் எவ்வளவு குறுக்கு வழி அனுமதிக்கலாம் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதானால் பொறுமை அதிகம். `crf` தரத்தைச் சொல்கிறது. எண் பெரிதானால் கோப்பு சிறிதாகும், தெளிவு குறையும். எச்.264இல் பழகியவர்கள் பலர் அங்கே போடும் 23ஐ இங்கேயும் போட்டுவிட்டு, இத்தனை நேரம் காத்திருந்தும் கோப்பு சிறுக்கவில்லையே என்று வருந்துவார்கள். அங்கே அளவுகோல் 51 வரை, இங்கே 63 வரை. இரண்டும் வேறு வேறு. பாட வீடியோவுக்கு 30க்கும் 40க்கும் நடுவில் தேடிப் பார்ப்பது சரியான தொடக்கம். `-b:v 0` என்பதையும் விடாதீர்கள். பழைய `ffmpeg` பதிப்புகளில் அது இல்லாவிட்டால் தர எண்ணை மீறி ஒரு பிட்ரேட் வரம்பு குறுக்கே வந்து படத்தைக் கெடுக்கும்.

கட்டளையைக் கொடுத்ததும் திரையில் சிறிது நேரம் `frame=    0` என்றே நிற்கும். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். முடிவெடுப்பதற்கு முன் வரப்போகும் ஃப்ரேம்கள் சிலவற்றை என்கோடர் சேர்த்துவைத்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். பிராசஸர் மும்முரமாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வேலை நடக்கிறது. பிறகு `speed=0.04x` போல ஒரு எண் தெரியும். பத்து நிமிடத்தை 0.04ஆல் வகுத்தால் 250 நிமிடம், அதாவது நான்கு மணி பத்து நிமிடம். வேறு விதமாகவும் சரிபார்க்கலாம்: மொத்தம் 15,000 ஃப்ரேம், நொடிக்கு ஒன்று வீதம் நகர்கிறது. உங்கள் கணினியில் எண் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதுதான்.

முழு வீடியோவையும் ஓட விட்டு மறுநாள் முடிவைப் பார்த்து ஏமாறுவதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. விரல்கள் வேகமாக நகரும் ஓர் இருபது நொடியை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். கட்டளையில் `-i`க்கு முன்னால் `-ss 120 -t 20` என்று சேர்த்தால், இரண்டாம் நிமிடத்திலிருந்து இருபது நொடி மட்டும் சுருங்கும். அதே துண்டை `cpu-used` 6, 4, 3, 2 என்று மாற்றி மாற்றிச் செய்து கோப்பின் அளவையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். மேலிருந்து இறங்கும்போது முதல் சில படிகளில் கிடைக்கும் லாபம் நன்றாகத் தெரியும். கீழே போகப்போக நேரம் ஏறிக்கொண்டே போகும், மிச்சமாவது அற்பமாகும். அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். அதற்கும் கீழே போவது வீண் மின்செலவு.

தரத்தைக் கண்ணால் பார்க்கும்போது ஏவி1 ஒரு விதத்தில் ஏமாற்றும். எச்.264இல் பிட் போதாவிட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும், உடனே தெரிந்துவிடும். ஏவி1 உடையாமல் மழுங்கும். படம் துப்புரவாக, வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் வீணையின் பலாமரத்துக் கோடுகள் போயிருக்கும், சேலையின் நெசவு போயிருக்கும், தந்திகள் ஒன்றோடொன்று இழைந்திருக்கும். ஓடும் வீடியோவில் இது பிடிபடாது. மூலத்திலும் புதியதிலும் ஒரே நொடியில் நிறுத்தி, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தந்திகளை எண்ண முடியவில்லை என்றால் `crf` எண்ணை இரண்டு மூன்று குறைக்க வேண்டும்.

சில வீடியோக்களுக்கு இவ்வளவு பாடுபடுவது பலனே தராது. வெளிச்சம் போதாத அறையில் எடுத்தவற்றில் நொடிக்கு நொடி மாறும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் இருக்கும். அதை ஊகிக்க வழியே இல்லை, பிட்டெல்லாம் அதற்கே போகும். விளக்கு ஒன்று கூடுதலாக வைத்து எடுப்பது எந்த அமைப்பையும்விட அதிகம் மிச்சப்படுத்தும். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை மறுபடி சுருக்குவதும் அப்படித்தான். ஏற்கெனவே விழுந்த சிதைவுகளை ஏவி1 விசுவாசமாகக் காப்பாற்றும். எப்போதும் கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

நான்கு மணி நேர வேலைக்கு இடையில் மின்சாரம் போனால்? எம்பி4 கோப்பானால் அதன் உள்ளடக்க அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் நின்றால் கோப்பு திறக்காது. மேலே உள்ள கட்டளையில் இருக்கும் வெப்எம் வகையில், எழுதியவரைக்கும் பெரும்பாலும் ஓடும். நீண்ட வீடியோ என்றால் மூலத்தை ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாகச் சுருக்கிக் கடைசியில் இணைப்பது பாதுகாப்பு. போனால் ஒரு துண்டின் உழைப்போடு போகும்.

இவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. இன்டெலும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து வளர்த்த எஸ்விடி-ஏவி1 என்ற இன்னொரு என்கோடர், பிராசஸரின் எல்லாக் கோர்களுக்கும் வேலையை நன்றாகப் பிரித்துக் கொடுக்கிறது. கட்டளையில் `libaom-av1` முதல் `-tiles 2x1` வரை உள்ள பகுதிக்குப் பதிலாக `libsvtav1 -preset 5 -crf 36` என்று போட்டுப் பாருங்கள். வாரம் நான்கைந்து பாடம் போடுகிறவர் இதைத்தான் எடுக்க வேண்டும். ஒருமுறை போட்டுப் பல வருடம் தளத்தில் நிற்கப்போகும் அடிப்படைப் பாடங்களுக்கு மெதுவான வழி தகும். மறுநாள் மறந்துபோகும் அறிவிப்பு வீடியோவுக்கு எச்.264 போதும், அதைப் போய் இரவெல்லாம் சுருக்க வேண்டாம்.

எப்படிச் சுருக்கினாலும் பழைய எச்.264 கோப்பை அழிக்கக் கூடாது. ஆப்பிளின் சஃபாரி, ஏவி1க்கென்று தனிச் சில்லு உள்ள கருவிகளில்தான் இதை ஓட்டுகிறது. ஐபோனில் அது 2023இல் வந்த 15 புரோவில்தான் தொடங்கியது. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் மென்பொருளாலேயே இதை ஓட்டும். விஎல்சி பிளேயர் செய்பவர்கள் எழுதிய டேவிட் என்ற டிகோடர் அந்த வேலையை வியக்கத்தக்க வேகத்தில் செய்கிறது, ஆனால் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் கரையும். ஆகவே பக்கத்தில் இரண்டையும் வைத்துவிட வேண்டும்:

```
<video controls preload="metadata">
  <source src="paadam.webm"
    type='video/webm; codecs="av01.0.05M.08, opus"'>
  <source src="paadam.mp4" type="video/mp4">
</video>
```

பிரவுசர் மேலிருந்து கீழாகப் படித்து, தன்னால் முடிந்த முதல் கோப்பை எடுத்துக்கொள்ளும். ஏவி1 வரி மேலே இருக்க வேண்டியது அதனால்தான். கீழே போட்டால் எல்லாரும் 90 எம்பி கோப்பையே இறக்குவார்கள், காத்திருந்த நேரம் ஒருவருக்கும் உதவாது. `av01` என்று தொடங்கும் அந்த நீண்ட குறியையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால், வெப்எம் தெரியும் ஆனால் ஏவி1 தெரியாத பிரவுசர் தன்னால் முடியும் என்று நம்பிக் கோப்பை இறக்கத் தொடங்கி, அதன் பிறகே முடியாது என்று கண்டுபிடிக்கும்.