தகடு, நுரை, இணைப்பு: தொழிற்கூட ஷெட்டுக்கான பஃப் பேனல்

இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள், நடுவே வெப்பத்தைக் கடத்தாத ஒரு பொருள்: சாண்ட்விச் பேனலின் அமைப்பு இவ்வளவுதான். தகடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனத்தில், துத்தநாகப் பூச்சும் அதன்மேல் வண்ணப் பூச்சும் கொண்டதாக இருக்கும். தனியாக எடுத்தால் அந்தத் தகடு கையாலேயே வளையும். நடுப்பொருள் இரண்டு தகடுகளோடும் ஒட்டியிருப்பதால்தான் பேனல் விறைப்பாக நிற்கிறது. ஒட்டு விட்டுப்போன இடத்தில் தகடு உப்பிக்கொள்ளும். தட்டினால் பொள்ளலான ஓசை வரும். அந்த இடத்தில் பேனலின் வலுவும் குறைந்துவிடுகிறது.

கடைகளில் பொதுவாக எல்லாவற்றையும் ‘பஃப் பேனல்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பது பாலியூரித்தேன் நுரையாகவோ, அதன் உறவான பி.ஐ.ஆர். நுரையாகவோ, தெர்மகோலாகவோ, பாறையை உருக்கி இழையாக்கிய ராக்வுல்லாகவோ இருக்கலாம். வெப்பத்தைத் தடுப்பதில் முதல் இரண்டும் முந்துகின்றன. 50 மி.மீ. பாலியூரித்தேன் தரும் தடுப்பைப் பெற, தெர்மகோல் என்றால் ஏறக்குறைய 80 மி.மீ., ராக்வுல் என்றால் ஏறக்குறைய 90 மி.மீ. தேவைப்படும். ராக்வுல் எடையும் கூடியது. ஒரு கனமீட்டர் பாலியூரித்தேன் நுரை சுமார் 40 கிலோ. பேனலுக்கான ராக்வுல் 100 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்கும் சட்டகத்தையும் பர்லினையும் அதற்கேற்பக் கணக்கிட வேண்டும். தெர்மகோல் விலை குறைவு. ஆனால் 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். கோடை வெயிலில் அடர்நிறக் கூரைத் தகடு அந்த வெப்பத்தை எட்டிப்பிடிக்கக் கூடியது என்பதால், இங்கே கூரைக்கு அதைப் பரிந்துரைப்பது கடினம்.

தீ என்று வந்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். ராக்வுல் எரியாது. தெர்மகோல் உருகி வழிந்து எரியும். பாலியூரித்தேன் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளியாகும். பி.ஐ.ஆர். நுரை மேற்பரப்பில் கருகி ஓர் ஓட்டைப்போல் படிந்து, தீ உள்ளே செல்வதைத் தாமதப்படுத்துகிறது. அதுவும் எரியாத பொருள் அல்ல. தென்கொரியாவின் இச்சியோனில் 2008 ஜனவரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் 40 பேரும், 2020 ஏப்ரலில் கட்டுமானத்தில் இருந்த ஒரு கிடங்கில் 38 பேரும் தீயில் இறந்தார்கள். இரண்டிலும் தீ அவ்வளவு விரைவாகப் பரவியதில் எரியும் நுரைக் காப்புக்குப் பங்கு இருந்தது. வெல்டிங், பாய்லர், எண்ணெய், பெயின்ட் உள்ள பகுதியைப் பிரிக்கும் சுவருக்கு ராக்வுல்லே தகும். அந்த ஒரு சுவருக்காக ஷெட் முழுவதையும் ராக்வுல்லில் கட்ட வேண்டியதில்லை.

கனம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னைக்கு அருகே 1000 சதுர மீட்டர் கூரை கொண்ட, குளிரூட்டப்பட்ட பேக்கிங் கூடம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நண்பகலில் கூரைத் தகடு 65 டிகிரி, கூரையின் அடியில் உள்ள காற்று 35 டிகிரி. வெறும் தகடாக இருந்தால் ஏறக்குறைய 175 கிலோவாட் வெப்பம் கீழே இறங்கும். 30 மி.மீ. பாலியூரித்தேன் பேனல் அதை 20 கிலோவாட்டாகக் குறைக்கிறது. 50 மி.மீ. என்றால் 13, 80 மி.மீ. என்றால் 8, 100 மி.மீ. என்றால் 6.6. முதல் 30 மில்லிமீட்டரே பெரும்பகுதியைச் சாதித்துவிடுகிறது. 80-லிருந்து 100-க்குப் போவதில் மிச்சமாவது ஒன்றரை கிலோவாட்தான். சாதாரணமாகக் குளிரூட்டிய கூடத்துக்கு 50 மி.மீ. போதும் என்று சொல்லப்படுவதற்கு இதுவே காரணம். 100, 150 மி.மீ. கனமெல்லாம் உறைநிலைக்குக் கீழே இயங்கும் குளிர்கிடங்குக்கு உரியவை. அங்கே வேறுபாடு 50, 60 டிகிரி, அதுவும் இரவு பகலாக நீடிக்கும்.

கனத்தைவிட அடர்த்தியில்தான் ஏமாற்று அதிகம் நடக்கும். அதைச் சரிபார்ப்பது எளிது. 50 மி.மீ. பேனலிலிருந்து 30 செ.மீ.க்கு 30 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி, தகட்டை உரித்து, நுரையை மட்டும் எடை போட்டால் சுமார் 180 கிராம் இருக்க வேண்டும். 140 கிராம் காட்டினால் அடர்த்தி 40 அல்ல, 31.

இனி இணைப்பு. பேனல் பெரும்பாலும் ஒரு மீட்டர் அகலம் என்பதால், மேற்சொன்ன கூரையில் பக்க இணைப்புகளை மட்டும் வரிசையாக வைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம் வரும். நல்ல நுரையை வாங்கிவிட்டு இந்த ஒரு கிலோமீட்டரை அலட்சியமாக விட்டால் நுரைக்குக் கொடுத்த பணம் வீண். மழைநீர் மட்டுமே இங்கே கவலை என்று நினைப்பவர்கள் பலர். குளிரூட்டிய கூடத்தில் அதைவிடப் பெரிய தொல்லை ஈரக்காற்று. 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோரக் காற்று, 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகத் தொடங்கும். கூடத்துக்குள் 22 டிகிரி வைத்திருந்தால், இணைப்பு வழியே நுழையும் அந்தக் காற்று உட்புறத் தகட்டைத் தொட்டதும் வியர்க்கும். கூரை ஒழுகுகிறது என்று மேலே ஏறித் தேடினால் ஓட்டையே இருக்காது. மழையில்லாத நாளிலும் சொட்டுகிறதா என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

ஈரம் வெப்பமான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு நகரும். ஆகவே காற்றுப்புகாத அடைப்பு வெப்பமான பக்கத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் சூடேற்றிய கட்டடத்துக்கு அது உட்புறம். நம் ஊரில் குளிரூட்டிய கூடத்துக்கு அது வெளிப்புறம். வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு உட்புறத்தை மட்டும் அடைத்தால், வந்த ஈரம் இணைப்புக்குள்ளேயே தங்கி, தகட்டின் வெட்டுமுனையைத் துருவாக்கும். ராக்வுல் என்றால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு காப்பையும் இழக்கும்.

சுவர்ப் பேனலில் ஒன்றின் நாக்கு மற்றதன் பள்ளத்தில் பொருந்துகிறது. அந்தப் பள்ளத்தில், பேனலைப் பொருத்துவதற்கு முன்பே, பியூட்டைல் பசையை இடைவெளியின்றி ஓட்ட வேண்டும். பொருத்தியபின் வெளியே சிலிக்கான் பூசுவது இதற்கு ஈடாகாது. 10 மீட்டர் நீளத் தகடு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மி.மீ. நீளும், தினமும் நீண்டு சுருங்கும் இடத்தில், இறுகாமல் இளக்கமாகவே இருக்கும் பியூட்டைல்தான் தாக்குப்பிடிக்கும். சிலிக்கான் பூசித்தான் ஆக வேண்டிய இடத்தில், வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்ப்பது நல்லது. அது துத்தநாகப் பூச்சை அரிக்கும். கூரையில் ஒரு பேனலின் மடிப்பு அடுத்ததன் மடிப்பின்மேல் ஏறும். நீளவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில், மேல் பேனலின் அடித்தகட்டையும் நுரையையும் 15 முதல் 20 செ.மீ. வரை வெட்டியெடுத்து, இடையே இரண்டு வரி பியூட்டைல் நாடா வைக்க வேண்டும். ஒற்றை வரி வைத்து முடித்துவிடுவது வேலைத்தளத்தில் வழக்கமாகிவிட்டது. சரிவு குறைந்த கூரையில் தண்ணீர் பின்னோக்கி ஏறுவதும் அங்கேதான். முகடும் சுவரின் தலைப்பும் சேரும் இடத்தில் தகட்டு மூடியை மட்டும் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் இடைவெளியை நுரையால் நிரப்பாமல் விடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு.

வேலை முடிந்ததும் பட்டப்பகலில் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, கூடத்துக்குள் நின்று பார்த்தால் வெளிச்சக் கீற்று தெரியும் இடமெல்லாம் ஓட்டை. நாக்கும் பள்ளமும் வெளிச்சத்தை மறைத்துவிடுகிற சுவர் இணைப்புகளில் ஊதுவத்திப் புகையைப் பிடித்துப் பார்க்கலாம். புகை ஒதுங்கினாலோ இழுபட்டாலோ அங்கே காற்று போகிறது. திருகாணி போட்ட துளைகளைச் சுற்றி விழுந்த இரும்புத் துகளை அன்றைக்கே பெருக்கிவிட வேண்டும். விட்டால் சில வாரங்களில் கூரை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பேனலை கிரைண்டரால் அறுத்திருந்தால் அறுத்த ஓரத்தில் பூச்சு கருகியிருக்கும். முதலில் துருப்பிடிப்பதும் அந்த ஓரம்தான்.