படத்தின் மேல் ஓர் எண்

ஒரே மேசையில் இருவர் உட்கார்ந்து ஒரு வேலையைப் பார்க்கும்போது, "இது சரியில்லை" என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். ஒருவர் மதுரையிலும் மற்றவர் கோயம்புத்தூரிலும் இருந்தால் அந்த விரல் இல்லாமல் போகிறது. "மேலே இருக்கிற எழுத்து சரியா தெரியலை" என்று செய்தி அனுப்பினால், எந்த எழுத்து, எந்தத் திரையில், யாருக்குத் தெரியவில்லை என்று கேட்டே அரை நாள் கழிந்துவிடும். குறிகள் இட்ட ஸ்கிரீன்ஷாட் அந்த விரலின் இடத்தில் நிற்கிறது. ஆனால் படத்தில் நாலு வட்டம் போட்டு அனுப்பிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது.

எடுத்துக்காட்டுக்கு, பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் ஒரு கைப்பேசிச் செயலியின் திரையை எடுத்துக்கொள்ளலாம். மேலே பயணத் தேதி, அதன் கீழே புறப்படும் ஊரும் சேரும் ஊரும், நடுவில் இருக்கைகளின் படம், அடியில் கைப்பேசி எண்ணுக்கான கட்டமும் "பணம் செலுத்து" பொத்தானும் இருக்கின்றன. வடிவமைத்தவர் மதுரையில் இருக்கிறார். கோயம்புத்தூரில் இருப்பவர் அதைச் சோதித்துக் குறை சொல்ல வேண்டும்.

முதலில் முழுத் திரையையும் பிடிக்க வேண்டும். கைப்பேசியில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகளில் படம் பதிவாகும். விண்டோஸ் கணினியில் Win + Shift + S. குறை இருக்கும் துண்டை மட்டும் வெட்டி அனுப்பினால், அது எந்தத் திரையின் எந்த மூலை என்று பெறுபவருக்குத் தெரியாது. எந்தக் கைப்பேசி, எழுத்தளவு எவ்வளவு பெரிதாக வைக்கப்பட்டிருக்கிறது, எந்த நாள் வந்த பதிப்பு என்ற மூன்றையும் படத்தோடு எழுதிவிடுவது நல்லது. எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிக்கும் பெரியவரின் கைப்பேசியில் வரும் குறை, வடிவமைத்தவரின் கைப்பேசியில் வராமலே போகலாம். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் படம் சுருங்கி எழுத்து மங்கும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

குறியிடும்போது பலரும் குறை இருக்கும் இடத்தின் மேலேயே கோடு போட்டுவிடுகிறார்கள். அப்போது காட்ட வேண்டியதே மறைந்துபோகிறது. சுற்றி ஒரு மெல்லிய கட்டம், அதன் ஓரத்தில் ஓர் எண், அவ்வளவு போதும். கட்டத்தின் நிறம் அந்தத் திரையில் இல்லாத நிறமாக இருக்க வேண்டும். இருக்கைப் படத்தில் சிவப்பும் பச்சையும் இருப்பதால் இங்கே ஊதா பொருந்தும். விளக்கத்தைப் படத்துக்குள் திணிக்காமல், அதே எண்ணைப் போட்டு வெளியே எழுத வேண்டும். படத்துக்குள் எழுதியதை நகலெடுப்பதும் பிறகு தேடுவதும் எளிதல்ல.

விளக்கத்தில் நான்கு செய்திகள் வர வேண்டும்: என்ன தெரிகிறது, அதனால் யாருக்கு என்ன ஆகிறது, என்ன செய்யலாம், சரியானதை எப்படிச் சோதிப்பது. "ஊர்ப்பெயர் அசிங்கமா வெட்டுப்பட்டிருக்கு" என்பது எரிச்சலைத்தான் சொல்கிறது. அதையே இப்படி எழுதலாம்: "சேரும் ஊர் 'திருவ…' என்று நிற்கிறது. திருவண்ணாமலையும் திருவள்ளூரும் பட்டியலில் ஒன்றுபோலவே தெரிகின்றன. தவறான ஊருக்கு டிக்கெட் எடுக்க இடமுண்டு. பெயரை இரண்டு வரியாக மடித்துவிடலாம். எழுத்தளவைப் பெரிதாக்கி இந்த இரண்டு ஊர்களையும் தேடிப் பார்க்கவும்." இதைப் படித்தவர் மறுகேள்வி கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடலாம்.

வரிசைப்படுத்துவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. கண்ணில் முதலில் படுவது முதலில் எழுதப்பட்டுவிடும். இந்தத் திரையில் முதலில் கண்ணை உறுத்துவது வெளிறிய தேதி. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற சாம்பல் நிறத்துக்கு மாறுபாட்டு விகிதம் ஏறத்தாழ 2.85 தான், இணைய அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5. நிறத்தை #767676 ஆக்கினால் அந்த அளவை ஒட்டி எட்டிவிடும். குறை உண்மையானதுதான், ஆனால் முதலிடம் அதற்கு இல்லை.

திரைப் பயன்பாட்டை ஆராய்ந்த யாக்கோப் நீல்சன், ஒரு குறையின் கடுமையை 0 முதல் 4 வரை அளக்க வழி சொன்னார். எத்தனை பேருக்கு நேர்கிறது, நேர்ந்தால் எவ்வளவு கெடுதல், ஒருமுறை கற்றுக்கொண்டால் தாண்டிவிடலாமா அல்லது ஒவ்வொரு முறையும் இடறுமா என்ற மூன்று கேள்விகள் அதற்கு அடிப்படை. சிறிய கைப்பேசிகளில் எண் விசைப்பலகை மேலெழுந்து "பணம் செலுத்து" பொத்தானை மூடிவிடுகிறது என்று கொள்வோம். அது கடுமையான குறை. ஆனாலும் மாட்டிக்கொண்டவருக்குத் தாம் மாட்டிக்கொண்டது தெரியும், வேறு வழி தேடுவார். ஊர்ப்பெயர் வெட்டுப்பட்டதில் ஏமாந்தவருக்கோ பேருந்து நிலையத்தில் போய் நிற்கும்வரை தெரியாது, பணமும் போயிருக்கும். பார்வைக்கு அற்பமான அந்த மூன்று புள்ளிகளுக்குத்தான் எண் 1. பொத்தானுக்கு 2. பதிவான இருக்கை சிவப்பிலும் காலி இருக்கை பச்சையிலும் மட்டும் வேறுபடுவது 3. இரு நிறங்களையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் குறைவான பேர் இல்லை. பதிவான இருக்கையில் ஒரு பெருக்கல் குறி போட்டால் தீரும். தேதி 4.

எண்கள் மேலிருந்து கீழாக அல்லாமல் முக்கியத்துவப்படி ஓடுவதால், நேரம் இல்லாதவர் முதல் இரண்டை மட்டும் திருத்தினாலும் சரியானவற்றையே திருத்தியிருப்பார். பொத்தானின் மூலை இன்னும் வளைந்திருக்கலாம் என்பது போன்றவை குறைகள் அல்ல. அவற்றுக்கு எண் கொடுக்காமல், "விருப்பம்" என்று தனியே ஒரு வரி எழுதினால் போதும். ஒரு படத்தில் ஐந்து எண்ணுக்கு மேல் போனால், இரண்டாவது படம் எடுப்பதே மேல்.

அனுப்பும் முன் ஒரு கவனம் தேவை. சோதனைக்குப் போட்ட சொந்தக் கைப்பேசி எண்ணோ மேலே எட்டிப்பார்க்கும் வங்கிச் செய்தியோ படத்தில் இருக்கலாம். மங்கலாக்குவதும், ஒளி ஊடுருவும் மார்க்கரால் தேய்ப்பதும் நம்பத்தக்கவை அல்ல; முழுக் கறுப்புக் கட்டமே போட வேண்டும். வெட்டி எறிந்த பகுதியைக்கூட எப்போதும் நம்ப முடியாது. 2023இல் கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் படத்திருத்தக் கருவியில் ஒரு பிழை தெரியவந்தது: வெட்டிய பகுதியின் தரவு கோப்புக்குள்ளேயே தங்கியிருந்து, ஓரளவு மீட்கக்கூடியதாக இருந்தது. உண்மையான எண்ணுக்குப் பதில் பொய்யான எண்ணைப் போட்டுவிட்டுப் படம் பிடிப்பதே எளிய வழி.

ஸ்கிரீன்ஷாட் ஒரு நொடியைத்தான் பிடிக்கும். பொத்தானை அழுத்திய பிறகு திரை நெடுநேரம் உறைந்து நிற்பதையும், விசைப்பலகை எழும்போது பக்கம் துள்ளுவதையும் அது காட்டாது. அதற்குச் சிறிய திரைப்பதிவு வேண்டும், அல்லது முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை அடுத்தடுத்து வைக்க வேண்டும். அழுத்த வேண்டிய இடங்கள் விரலுக்குப் போதுமான அளவில் இருக்கின்றனவா என்பதையும் படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. கணினித் திரையில் பெரிதாகத் தெரியும் இருக்கைக் கட்டம் கைப்பேசியில் கட்டைவிரலுக்கு அடங்காது.

திருத்தம் வந்த பிறகு, அதே கைப்பேசியில், அதே எழுத்தளவில், அதே திரையைப் பிடித்துப் பழைய படத்தின் பக்கத்தில் வைக்க வேண்டும். எண்களை மாற்றக் கூடாது. 1 தீர்ந்திருந்தால் அதைத் தீர்ந்ததாகக் குறித்துவிட்டு 2க்குப் போக வேண்டும்; புதிதாகக் கண்ட குறைக்கு, அது எவ்வளவு பெரியதானாலும், 5 என்ற எண்ணைக் கொடுத்து, அவசரமென்றால் பக்கத்தில் "முதலில்" என்று எழுதலாம். பெயர் மடிந்து இரண்டு வரியான பின் "திருவண்ணாமலை" முழுதாக நிற்கும். ஆனால் வரிகளின் இடைவெளி ஆங்கிலத்துக்கு வைத்த அளவிலேயே இருந்தால், "திருவள்ளூர்" மடியும்போது ளூவின் கீழ்ச்சுழி அடுத்த வரியில் இடிக்கும். அதுதான் 5.