கிளட்சில் சூடாகும் ஆற்றல்

ஒரே அளவு, ஒரே எடையுள்ள இரண்டு வட்டுகள். ஒன்று நிமிடத்துக்கு 3000 சுற்று சுழல்கிறது. மற்றது அசையாமல் நிற்கிறது. கிளட்ச் போல இரண்டையும் அழுத்தினால், உராய்வு முதல் வட்டை இழுத்துப் பிடிக்கிறது, இரண்டாவதை முடுக்குகிறது. இரண்டும் 1500 சுற்றில் ஒன்றுசேர்ந்ததும் வழுக்கல் நின்றுவிடுகிறது.

வெளியிலிருந்து எந்த விசையும் திருப்பாதவரை, மொத்தக் கோண உந்தம் மாறாது. ஆனால் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஒரு வட்டின் ஆற்றல் கால்பங்காகும். இரண்டு வட்டுக்கும் சேர்த்து அரைப்பங்கு. மீதி அரைப்பங்கு வெப்பமாகிவிட்டது.

மெதுவாக அழுத்தினால் இழப்பு குறையுமா? குறையாது. பலமாக அழுத்தினால் சீக்கிரம் முடியும், மெல்ல அழுத்தினால் நேரமாகும். மொத்த வெப்பம் ஒன்றுதான். முதலிலேயே வேக வித்தியாசம் குறைவாக இருந்தால்தான் இழப்பு குறையும். 3000, 1000 என்று சுழலும் வட்டுகள் 2000-இல் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கே போகிறது.

வண்டியிலோ, வழுக்கும் நேரம் முழுக்க எஞ்சின் ஆற்றலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் அரை கிளட்சில் ஏற்றத்தில் நின்றால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். கருகல் வாடை வந்தால் கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சு வேகிறது என்று பொருள். ஏற்றத்தில் வண்டியை நிறுத்த கை பிரேக்கைப் போடுங்கள்.